கண்ணை மூடிக்கொண்டு ‘இவை அனைத்தும்’ போடாதீர்கள்

“‘இவை அனைத்தும்’னு ஒரு ஆப்ஷன் இருந்தா யோசிக்கவே வேணாம், கண்ண மூடிட்டு அதையே போடு.” கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பையன்கள் இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ரயில்வே தேர்வு எழுதப்போகிறவர்களுக்குச் சீனியர்கள் சொல்லித் தருகிறார்கள். கேட் பாஸ் வாங்குவதற்கு முன் பாதுகாப்புத் தேர்வு எழுத உட்காரும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு, கூட்டி வந்த மேஸ்திரியே இதைச் சொல்லி உள்ளே அனுப்பிவைக்கிறார். இதோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு அறிவுரையும் உண்டு: “‘எதுவுமில்லை’ங்கறது சும்மா இடத்த ரொப்பப் போட்டது, அதத் தொடாத.”

இரண்டு அறிவுரையும் தவறு என்பதே என் கட்சி. மதிப்பெண் கணக்கில் தவறு. தொழிற்சாலைக்குள் உயிர்க் கணக்கிலும் தவறு. இவற்றுக்கு மாற்றாக நான் சொல்வது பழைய, எளிய வேலை: கொடுத்திருக்கும் ஒவ்வொரு விடையையும் தனியாக எடுத்து, இது சரியா தவறா என்று பார்ப்பது. அதற்கு நேரம் கிடையாது என்பார்கள். நேரம் இருக்கிறது, நினைப்பதைவிடக் குறைவாகவே செலவாகிறது. அதையும் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

முதலில் எதிர்த்தரப்புக்குரிய நியாயத்தைச் சொல்லிவிடுவோம். இந்த நம்பிக்கை வெறும் காற்றில் முளைத்தது இல்லை. மூன்று சரியான செய்திகளைப் பாடத்திலிருந்து எடுத்து எழுதிவிட்டு, நான்காவதாக நம்பும்படியான ஒரு பொய்யை உருவாக்கச் சோம்பல்பட்டு, ‘இவை அனைத்தும்’ என்று முடித்துவிடும் ஆசிரியர்கள் நிறைய உண்டு. அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் பவுண்ட்ஸ்டோன் 2014-ல் வெளியிட்ட நூலுக்காக நூறு தேர்வுகளின் வினாத்தாள்களைத் திரட்டிப் பார்த்தார். ‘அனைத்தும்’ அல்லது ‘எதுவுமில்லை’ என்று இருந்த இடங்களில் 52 சதவீதம் அதுவே சரியான விடையாக இருந்தது. நான்கில் ஒன்று என்றால் 25 சதவீதம்தான் எதிர்பார்க்க வேண்டும். ஆக, குருட்டுக் கணக்கில் பார்த்தால் இந்த அறிவுரைக்குக் கொஞ்சம் வலு இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் அதே 52-ஐ மறுபக்கத்திலிருந்து பாருங்கள். நூற்றுக்கு 48 இடங்களில் அது தவறான விடை. விடை தெரிந்த கேள்வியிலும் யோசிக்காமல் அதைக் கருமையாக்குகிறவர், கையில் இருக்கும் மதிப்பெண்ணில் பாதியைத் தூக்கி எறிகிறார். தவிர, அந்த எண்ணிக்கையில் ‘எதுவுமில்லை’யும் சேர்ந்தே இருக்கிறது. அதைத் தொடவே கூடாது என்று சொல்லும் நம்மூர் அறிவுரைக்கு அது எப்படிச் சான்றாகும்?

இன்னொன்றும் இருக்கிறது. வினா எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இந்தப் பழக்கம் நன்றாகத் தெரியும். தாமஸ் ஹலடினா, ஸ்டீவன் டவுனிங், மைக்கேல் ராட்ரிகெஸ் என்ற மூன்று தேர்வியல் அறிஞர்கள் 2002-ல் கொள்குறி வினா எழுதுவதற்கான 31 விதிகளைத் தொகுத்தார்கள். ‘இவை அனைத்தும்’ என்பதைத் தவிர்க்க வேண்டும், ‘எதுவுமில்லை’ என்பதைக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும் என்பவை அவற்றுள் அடங்கும். இந்த விதிகளைப் படித்த பிறகும் ஒருவர் ‘இவை அனைத்தும்’ என்று எழுதுகிறார் என்றால், கண்ணை மூடிக்கொண்டு அதைப் போடுகிறவருக்காகவே ஒரு தவறான வரியை மேலே வைத்திருக்கலாம். சோம்பல் ஆசிரியரின் வினாத்தாளில் கற்ற பழக்கத்தைக் கவனமான ஆசிரியரின் வினாத்தாளுக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

விடை, கேள்வியில் இருக்கிறது. நான்காவது வரியின் வாசகத்தில் இல்லை. பாதுகாப்புத் தேர்வுகளில் வரும் வகையில் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்.

மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் பேனலில் தீப்பிடித்தால் எதைப் பயன்படுத்தலாம்?
அ) தண்ணீர்
ஆ) நுரை வகைத் தீயணைப்பான்
இ) கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான்
ஈ) இவை அனைத்தும்

மூன்றுமே தீயை அணைக்கும் பொருட்கள். மேலோட்டமாகப் படிக்கிறவர் “மூணுமே தீயணைக்கத்தானே” என்று ஈ-யைப் போட்டுவிடுவார். ஒவ்வொன்றாகச் சோதிக்கிறவர் முதல் வரியிலேயே நின்றுவிடுவார். தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், ஊற்றுகிறவரை அடிக்கும். அ தவறு. அந்த ஒரு தவறிலேயே ஈ-யும் விழுந்துவிட்டது, ஏனென்றால் ‘அனைத்தும்’ என்பதில் அ-வும் அடக்கம். அடுத்து, சாதாரண நுரையில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பது நினைவுக்கு வந்தால் ஆ-வும் போயிற்று. மிஞ்சுவது இ.

இந்தக் கேள்வியில் ஈ என்று கருமையாக்கியவர் என்ன சொல்லியிருக்கிறார் என்று யோசியுங்கள். “எரியும் பேனல் மேல் நான் தண்ணீர் ஊற்றுவேன்” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஒரு மதிப்பெண் போனது பெரிய விஷயம் இல்லை. அந்த வரியை அவர் படிக்கவே இல்லை என்பதுதான் விஷயம். அதே ஆள் நாளைக்கு அந்தப் பேனல் பக்கத்தில் நின்று வேலை பார்க்கப்போகிறார்.

இப்போது நேரப் பிரச்சினைக்கு வருவோம். எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுதான். குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், 3 மணி நேரம். ஒரு கேள்விக்கு 54 நொடி. ரயில்வே உதவி லோகோ பைலட் முதல்கட்டத் தேர்வில் 75 கேள்விக்கு 60 நிமிடம், அதாவது 48 நொடி. “இதுல நாலு ஆப்ஷனையும் ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டிருந்தா பாதிக் கேள்வி விட்டுப்போயிடும்” என்கிறார்கள்.

நான்கையும் பார்க்க வேண்டியதில்லை என்பதே பதில். மூன்று விடைகளும், நான்காவதாக ‘இவை அனைத்தும்’ என்பதும் உள்ள கேள்விக்கு ஒரே ஒரு விடைதான் சரி என்றால், நடக்கக்கூடியவை நான்குதான். மூன்றும் சரி, அல்லது அ மட்டும் சரி, அல்லது ஆ மட்டும், அல்லது இ மட்டும். இரண்டு சரி, ஒன்று தவறு என்ற நிலை வர முடியாது. வந்தால் அந்தக் கேள்விக்குச் சரியான விடையே இருக்காது.

ஆகவே ஏதாவது இரண்டு வரிகளை மட்டும் உறுதியாகத் தீர்மானித்தால் போதும். இரண்டும் சரி என்றால் விடை ‘அனைத்தும்’. ஒன்று சரி, ஒன்று தவறு என்றால் சரியானதே விடை. இரண்டும் தவறு என்றால் மிச்சமிருக்கும் மூன்றாவதுதான் விடை. முதல் தீர்ப்பு நான்கு விடைகளை இரண்டாகக் குறைக்கிறது. இரண்டாவது தீர்ப்பு ஒன்றாகக் குறைக்கிறது. இதற்கு மேல் எதுவும் இல்லை. எந்த இரண்டு வரி என்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. அ-விலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று சட்டமில்லை. எது உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமோ அதை முதலில் எடுங்கள்.

ஒரு கேள்வியை இப்படியே நடத்திப் பார்ப்போம். கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள் உண்டு. அங்கே தூண்டல் உலையில் ஸ்கிராப் போடுகிறவர்களுக்கான கேள்வி இது.

பின்வருவனவற்றுள் எதை அப்படியே உலையில் போடக் கூடாது?
அ) இரண்டு பக்கமும் மூடிய குழாய்த் துண்டு
ஆ) மழையில் நனைந்த ஸ்கிராப்
இ) வெட்டித் திறக்காத ஷாக் அப்சார்பர்
ஈ) இவை அனைத்தும்

நனைந்த ஸ்கிராப்பிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அது உலைக்காரர் எல்லோருக்கும் தெரிந்தது. உருகிய எஃகின் வெப்பம் ஏறத்தாழ 1,600 டிகிரி. அதற்குள் அகப்பட்ட தண்ணீர் அந்தக் கணமே நீராவியாகிறது. கொதித்து நீராவியாகும்போது தண்ணீரின் பருமன் ஏறத்தாழ 1,600 மடங்கு பெருகும். அந்த நீராவிக்கு வழி வேண்டும். மேலே இருக்கும் உருகிய எஃகைத் தூக்கி எறிந்துகொண்டு வெளியே வரும். ஆகவே ஆ-வைப் போடக் கூடாது. இப்போதே அ-வும் இ-யும் தனி விடையாக இருக்க முடியாது என்று ஆகிவிட்டது. விடை ஆ அல்லது ஈ. அடுத்து மூடிய குழாய். உள்ளே அடைபட்ட காற்று சூடேறி விரிகிறது. உள்ளே தண்ணீரோ எண்ணெயோ கொஞ்சம் இருந்தால் இன்னும் மோசம். போக வழியில்லாமல் குழாய் வெடிக்கும். ஆகவே அ-வையும் போடக் கூடாது. இரண்டு தீர்ப்பு முடிந்தது; விடை ஈ.

இந்தக் கேள்வியில் பழைய அறிவுரையும் ஈ என்றுதான் சொல்லியிருக்கும். இரண்டு பேருக்கும் ஒரே மதிப்பெண். ஆனால் இரண்டு பேரும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. நாளைக்கு இதே கேள்வியில் ஆ-வில் ‘காய்ந்த கம்பித் துண்டு’ என்றும் இ-யில் ‘காய்ந்த, வெட்டித் திறந்த குழாய்த் துண்டு’ என்றும் மாற்றி வைத்தால் சோதித்தவர் உடனே கண்டுபிடிப்பார். சோதிக்காதவர் மறுபடியும் ஈ என்பார். அவரைத் தேர்ச்சி பெற்றவராகக் கணக்கில் எழுதிக்கொண்டு உலை மேடைக்கு அனுப்புவோம்.

மூன்றாவது வரியையும் பார்க்க வேண்டுமா என்று கேட்பீர்கள். போட்டித் தேர்வில் நேரம் இருந்தால் பாருங்கள். அது உங்கள் விடைக்கான சோதனை. இரண்டும் சரி என்று நினைத்து, மூன்றாவது நிச்சயமாகத் தவறு என்று தெரிந்தால், ஏதோ ஓர் இடத்தில் நீங்கள் கேள்வியைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். திரும்பிப் போய்ப் படியுங்கள். பாதுகாப்புத் தேர்வில் மூன்றாவதைப் பார்க்காமல் விடவே கூடாது. ஷாக் அப்சார்பருக்குள் அடைபட்ட எண்ணெயும் வாயுவும் இருக்கும் என்பது தேர்வுக்கு வேண்டாததாக இருக்கலாம். உலைக்கு வேண்டும்.

இனி ‘எதுவுமில்லை’. இதையும் ‘அனைத்தும்’ போலவே நடத்துவது அடுத்த தவறு. இரண்டும் ஒரே இடத்தில் வந்தாலும் வேலை வேறு. மூன்று விடைகளும் ‘எதுவுமில்லை’யும் உள்ள கேள்வியில், சரியான ஒன்று கண்ணில் பட்டவுடன் ஆட்டம் முடிந்தது, அதுவே விடை. ஆனால் ஒன்று தவறு என்று தெரிந்தால் அது மட்டுமே விழுகிறது, மூன்று மிஞ்சுகின்றன. இரண்டு தவறு என்று தெரிந்தாலும் இன்னும் முடிவு வராது. ‘எதுவுமில்லை’ என்று போட வேண்டுமானால் மூன்று வரியும் தவறு என்று மூன்று தனித் தீர்ப்பு வேண்டும். ‘அனைத்தும்’ போட இரண்டு போதும், ‘எதுவுமில்லை’ போட மூன்று வேண்டும் என்பதை மட்டும் ஒருவர் மனதில் வைத்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும். அதைத் தொடாதே என்று சொல்லித் தருவதைவிட, எப்போது தொடலாம் என்று சொல்லித் தருவது எவ்வளவோ மேல்.

நம் மாவட்டத்துக் கேள்வி ஒன்று பார்ப்போம்.

பின்வரும் நீர்த்தேக்கங்களுள் திருவள்ளூர் மாவட்டத்தில் இல்லாதது எது?
அ) பூண்டி
ஆ) சோழவரம்
இ) கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகை
ஈ) இவற்றுள் எதுவுமில்லை

பூண்டி கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-ல் கட்டியது. திருவள்ளூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ‘இல்லாதது’ என்று கேட்டதால், பூண்டி விடை இல்லை. சோழவரமும் மாவட்டத்துக்குள்தான், அதுவும் விடை இல்லை. பழைய கைடு வைத்துப் படித்தவர் இந்த இடத்தில் வழுக்குவார். மூன்றாவது பெயரை அந்த கைடில் பார்த்திருக்க மாட்டார். “இது எங்கயோ வெளியூரு போல” என்று இ-யைப் போட்டுவிடுவார். கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. கும்மிடிப்பூண்டியிலிருந்து தேர்வாய்கண்டிகை சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவருக்கு அது எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அதுவும் இதே மாவட்டம். மூன்று தீர்ப்பும் முடிந்தது; விடை ஈ.

இப்போது சோழவரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செம்பரம்பாக்கத்தை வையுங்கள். செம்பரம்பாக்கம் ஏரி காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. உடனே விடை ஆ என்று மாறிவிடுகிறது. நான்காவது வரியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆகவே நான்காவது வரியைப் பார்த்து விடை சொல்ல முடியும் என்பவர், எதைப் பார்த்துச் சொல்கிறார்?

டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். 2020 முதல் விடைத்தாளில் ஐந்தாவதாக ஒரு வட்டம் இருக்கிறது. அது ‘விடை தெரியவில்லை’ என்பதற்கானது. அதை ‘எதுவுமில்லை’ என்று குழப்பிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். “மேல இருக்கறது எதுவும் சரியில்ல” என்று ஒருவர் கண்டுபிடித்து, ஐந்தாவது வட்டத்தைக் கருமையாக்கினால் அவர் சொல்வது வேறு: எனக்கு விடை தெரியவில்லை என்று எழுதிக் கொடுக்கிறார். அதற்கு மதிப்பெண் கிடையாது. ‘எதுவுமில்லை’ என்பது கேள்விக்கான விடை. ஐந்தாவது வட்டம் உங்களைப் பற்றிய வாக்குமூலம். மூன்று வரியும் தவறு என்று தெரிந்தால் ‘எதுவுமில்லை’ அச்சாகியிருக்கும் எழுத்தைத் தேடிப் போடுங்கள்.

பழைய அறிவுரை அதிகமாகக் கெடுப்பது எதிர்மறையாகக் கேட்கும் கேள்விகளை. இதைப் பாருங்கள்.

உயரத்தில் வேலை செய்வது குறித்த பின்வரும் கூற்றுகளுள் தவறானது எது?
அ) முழு உடல் பெல்ட் அணிய வேண்டும்
ஆ) பெல்ட்டின் கொக்கியைக் கைக்கு எட்டும் எந்தக் குழாயிலும் மாட்டிக்கொள்ளலாம்
இ) ஏறும் முன் வேலைக்கான பர்மிட் வாங்க வேண்டும்
ஈ) இவை அனைத்தும்

வரிகள் மூன்றும் காதுக்குப் பாதுகாப்பு வகுப்பில் கேட்டது போலவே இருக்கின்றன. படிக்கிறவர் மனதில் “பெல்ட், சரி, கொக்கி மாட்டணும், சரி, பர்மிட், சரி” என்று ஓடுகிறது. மூன்றும் சரி என்று தோன்றியதும் கை ஈ-க்குப் போகிறது. ஆனால் இங்கே ஈ என்றால் ‘மூன்றும் தவறு’. மூன்றும் சரி என்று நினைத்தவர், மூன்றும் தவறு என்று எழுதிவிட்டு எழுந்து வருகிறார்!

இதற்கு வழி ஒன்றுதான். வரிகளைச் சோதிக்கும்போது கேள்வியை மறந்துவிட வேண்டும். ஒவ்வொரு கூற்றையும் உலகத்தோடு ஒப்பிட்டு ‘சரி’ அல்லது ‘தவறு’ என்று மட்டும் முடிவு செய்ய வேண்டும். பெல்ட் அணிய வேண்டும் என்பது சரி. எந்தக் குழாயிலும் மாட்டலாம் என்பது தவறு. விழும் ஆளின் வேகத்தைத் தாங்காத குழாய் ஆளோடு சேர்ந்து கீழே வரும், ஆகவே அதற்கென்று ஒதுக்கிய உறுதியான இடத்தில்தான் மாட்ட வேண்டும். பர்மிட் வேண்டும் என்பது சரி. சரி, தவறு, சரி. அதற்குப் பிறகுதான் மேலே போய்க் கேள்வியைப் படிக்க வேண்டும்: கேட்டது தவறானது. விடை ஆ. வினாத்தாளில் குறி போடக் கூடாது என்ற விதி இருக்கும் தேர்வுகளில் கிறுக்கிப் பார்க்க ஒதுக்கிய பக்கத்தில் இந்தச் ச, த எழுத்துகளைக் குறித்துக்கொள்ளலாம். கணினித் தேர்வு என்றால் கொடுக்கும் வெற்றுத்தாளில் எழுதலாம். மூன்று எழுத்து எழுத மூன்று நொடி.

அந்தக் கூற்றில் ‘எந்தக் குழாயிலும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். முக்கால்வாசி சரியாக இருந்த வாக்கியத்தை அந்த ஒரு சொல்தான் கெடுத்தது. ‘எந்த’, ‘எப்போதும்’, ‘மட்டும்’, ‘எல்லா’ போன்ற சொற்கள் இருக்கும் வரியைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். மொத்தமாகப் படித்துத் தலையாட்டுகிறவர் கண்ணுக்கு இவை தப்பிவிடும். தனியாக எடுத்துப் பார்க்கிறவர் கண்ணில் இவைதான் முதலில் படும்.

“எல்லாம் தெரிஞ்சவனுக்கு நீங்க சொல்றது சரி. தெரியாதவன் என்ன செய்வான்? அவனுக்குத்தான் இந்த ஷார்ட்கட்” என்பது எதிர்த்தரப்பின் கடைசி வாதம். உண்மையில், அரைகுறையாகத் தெரிந்தவருக்குத்தான் என் முறை அதிகமாக உதவுகிறது. ரயில்வே தேர்வில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணைக் கழிப்பார்கள். நான்கு விடைகளில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் போட்டால் லாபமும் நட்டமும் சரிக்குச் சரியாகி, சராசரியில் ஒன்றும் மிஞ்சாது. ஆனால் ‘அனைத்தும்’ உள்ள கேள்வியில் ஒரே ஒரு வரி தவறு என்று நிச்சயமாகத் தெரிந்தால், அந்த வரியும் ‘அனைத்தும்’ என்பதும் சேர்ந்தே விழுகின்றன, மிஞ்சுவது இரண்டு. இரண்டில் ஒன்றைப் போட்டால், பாதி வாய்ப்பில் ஒரு மதிப்பெண் வரும், பாதி வாய்ப்பில் மூன்றில் ஒரு பங்கு போகும். கழித்துப் பார்த்தால் கேள்விக்குச் சராசரியாக மூன்றில் ஒரு மதிப்பெண் லாபம். கழித்தலே இல்லாத குரூப் 4-ல் நூற்றுக்கு 25-ஆக இருந்த வாய்ப்பு 50 ஆகிறது. இத்தனையும் ஒரே ஒரு வரி தெரிந்ததால் கிடைத்தது.

கண்ணை மூடிக்கொண்டவருக்கும் அந்த ஒரு வரி தெரிந்திருக்கலாம். தண்ணீரை மின்சாரத்தில் ஊற்றக் கூடாது என்று தெரியாதவர் யார்? தெரிந்திருந்தும் பயன்படுத்தவில்லை. தன் தலைக்குள் இருக்கும் அறிவைத் தானே வீணாக்க வைக்கும் ஒன்றை எப்படி ஷார்ட்கட் என்பது?

ஒரே ஓர் இடத்தில் மட்டும் பழைய அறிவுரைக்கு இடம் கொடுக்கிறேன். ஒரு வரி சரி என்று நிச்சயமாகத் தெரிகிறது. மற்ற இரண்டும் கேள்விப்பட்டதே இல்லை. அப்போது விடை அந்த வரி அல்லது ‘அனைத்தும்’. இரண்டில் எது என்று சொல்ல வேறு வழியே இல்லையென்றால், சோம்பல் ஆசிரியர்களை நம்பி ‘அனைத்தும்’ போடலாம். ஆனால் அது சோதனை முடிந்த பிறகு, எஞ்சிய இரண்டுக்குள் நடக்கும் ஊகம். சோதனைக்குப் பதிலாக அதை வைப்பதைத்தான் மறுக்கிறேன்.

என் முறைக்கும் எல்லை உண்டு. ‘இரண்டு தீர்ப்பு போதும்’ என்ற கணக்கு, அ, ஆ, இ மூன்றும் தனித்தனி விடைகளாக இருக்கும் கேள்விக்கு மட்டுமே பொருந்தும். கூற்றுகளை 1, 2, 3 என்று மேலே எழுதிவிட்டு, கீழே ‘1 மட்டும்’, ‘1, 2 மட்டும்’, ‘2, 3 மட்டும்’, ‘இவை அனைத்தும்’ என்று விடை கொடுத்தால் கதை வேறு. அங்கே இரண்டு சரி, ஒன்று தவறு என்பதும் நியாயமான விடைதான். 1-ம் 2-ம் சரி என்று தெரிந்தவுடன் ‘அனைத்தும்’ போட்டுவிடக் கூடாது. 3-ஐப் பார்த்தே தீர வேண்டும். ஆனாலும் வேலை அதேதான்: தவறான கூற்று ஒன்று கிடைத்தால், அது இடம்பெறும் எல்லா விடைகளையும் அடித்துவிடலாம். 2 தவறு என்று தெரிந்தால் இந்த எடுத்துக்காட்டில் மூன்று விடைகள் ஒரே அடியில் விழுந்து, ‘1 மட்டும்’ நிற்கிறது. விடைகளின் அமைப்பை முதலில் பார்த்துவிட்டு எந்தக் கூற்றிலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்கிறவருக்கு 54 நொடி தாராளம்.

கேள்வியே தவறாக அமைவதும் உண்டு. இரண்டு வரி உறுதியாகச் சரி, மூன்றாவது உறுதியாகத் தவறு, விடையில் ‘அனைத்தும்’. அப்படிப்பட்ட கேள்விக்கு எந்த முறையிலும் விடை இல்லை. டி.என்.பி.எஸ்.சி. உத்தேச விடைகளை வெளியிட்டு ஆட்சேபணை கேட்கிறது. அந்த ஆட்சேபணையை எழுத யாரால் முடியும்? எந்த வரி ஏன் தவறு என்று சொல்லத் தெரிந்தவரால்தான் முடியும்.

கடைசியாக, தொழிற்சாலைகளில் பாதுகாப்புத் தேர்வு நடத்துகிறவர்களுக்கு. மேஸ்திரி சொல்லிக் கொடுக்கும் அறிவுரை பலிக்கிறதென்றால் தவறு மேஸ்திரியிடம் மட்டும் இல்லை; பலிக்கும்படியாக எழுதிய வினாத்தாளிடமும் இருக்கிறது. எல்லாக் கேள்வியிலும் ‘இவை அனைத்தும்’ விடையாக இருக்கும் தாளைப் படிக்கத் தெரியாதவரும் எழுதித் தேறிவிடலாம். அதைவிட, அதே மூன்று வரிகளைத் தனித்தனியாகக் கொடுத்து ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘சரி’, ‘தவறு’ என்று இரண்டு கட்டம் போட்டுவிடுங்கள். எந்தத் தொழிலாளி எந்த வரியில் தடுமாறினார் என்று உங்களுக்குத் தெரியும். அந்த வரியை மட்டும் அவருக்குத் திரும்பச் சொல்லித் தரலாம். பத்துக்குப் பத்து வாங்கியவர் எரியும் பேனல் மேல் தண்ணீர் ஊற்றுவாரா, மாட்டாரா என்பதை இன்றைய தாள் உங்களுக்குச் சொல்லாது. இந்தத் தாள் சொல்லும்.